ஸ்டீராய்டு கிரீம்: எவ்வளவு? எத்தனை நாள்? எங்கே?

எக்ஸிமாவுக்குக் கொடுத்த கிரீமில் "மெல்லியதாகத் தடவவும்" என்று எழுதியிருக்கிறது. அப்படின்னா எவ்வளவு?

அளவு உங்கள் விரலிலேயே இருக்கு

ஆள்காட்டி விரலின் நுனியிலிருந்து முதல் மடிப்புக்கோடு வரை கிரீமைப் பிதுக்குங்கள். அதுதான் ஒரு 'விரல்நுனி அளவு'. சுமார் அரை கிராம். விரல்களையும் சேர்த்து, பெரியவரின் இரண்டு உள்ளங்கை அகலத் தோலுக்கு அது போதும்.

இரண்டு முழங்கை மடிப்பிலும் தலா ஓர் உள்ளங்கை அளவு அரிப்பு இருக்குன்னு வைத்துக்கொள்வோம். தினம் ஒருமுறை தடவினால் 7 நாளில் 3.5 கிராம் செலவாகும். 15 கிராம் டியூப் அதற்குள் காலியானால், நீங்க தடவுவது ரொம்ப அதிகம். கிட்டத்தட்ட அப்படியே இருந்தால், பயந்து குறைவாகத் தடவுறீங்க.

எத்தனை நாள்?

கை, கால், உடம்புக்குப் பொதுவாக 7 முதல் 14 நாள். சிவப்பும் அரிப்பும் அடங்கியதும் நிறுத்தலாம். மருத்துவர் வேறு மாதிரி சொல்லியிருந்தால் அதையே பின்பற்றுங்கள். ஒரு வாரத்தில் குறையவில்லை, அல்லது வட்டமாகப் பரவுகிறது என்றால் அது படையாக இருக்கலாம். ஸ்டீராய்டு அதை மோசமாக்கும், மருத்துவரிடம் காட்டுங்கள்.

எங்கே வீரியம் குறைய வேண்டும்?

முகம், கண் இமை, அக்குள், தொடை இடுக்கு, பிறப்புறுப்பு. அங்கே தோல் மெல்லியது அல்லது மடிந்திருக்கும்; மருந்து அதிகம் உள்ளே இறங்கும். முகத்துக்குப் பெரும்பாலும் 1% ஹைட்ரோகார்டிசோன் போன்ற மிதமான கிரீம், சில நாள் மட்டும். கைக்குக் கொடுத்த வீரியமான கிரீமை முகத்தில் தொடர்ந்து பூசினால் தோல் மெலிந்து, சிவப்பு நரம்புகள் தெரியத் தொடங்கும்.