சப்கா மண்ணும் உலையின் சூடும்

அபுதாபிக் கடலோரத்தில் பரந்து கிடக்கும் சப்கா என்னும் உப்புச் சமவெளியில், தரைக்குக் கீழே சொற்ப ஆழத்திலேயே உவர்நீர் நிற்பதால், கட்டடம் எழுப்புமுன் வேறிடத்து மண்ணைக் கொணர்ந்து மேடிட்டு, அதை ரோலரால் கெட்டிப்படுத்துவது அவசியமாகிறது. அந்த மண் எப்படிப்பட்டதாக இருக்கவேண்டும் என்பதை ஒப்பந்தப் பத்திரம் முன்னதாகவே விதித்துவிடுகிறது.

பாலைவனத்தில் மணலுக்கா பஞ்சம் என்று கேட்கத் தோன்றும். ஆனால் காற்று சலித்துக் குவித்த மணற்குன்றின் பரல்கள் ஏறத்தாழ ஒரே பருமனுடையவையாதலால், அவற்றினிடையே உள்ள வெற்றிடத்தை நிரப்பச் சிறு பரல்கள் இல்லை; சரளை முதல் நுண்பொடி வரை எல்லா அளவும் கலந்த மண்ணே ஒன்றோடொன்று பிணைந்து இறுகும். எனினும் 0.075 மில்லிமீட்டருக்கும் நுண்ணிய பொடி மிகுந்தால், நனைந்தபோது அது குழைந்துவிடுமாகையால், அதற்கும் ஒரு வரம்பு உண்டு.

ஈரத்தின் மகிமையை 1933-ல் லாஸ் ஏஞ்சல்ஸ் பொறியாளர் பிராக்டர் விளக்கினார்: குறிப்பிட்ட ஓர் ஈரப்பதத்தில்தான் மண் உச்ச அடர்த்தியை எட்டும், அதனினும் குறைந்தால் பரல்கள் நகர மறுக்கும், மிகுந்தால் நீரே இடத்தை அடைத்துக்கொள்ளும். ஆய்வகத்தில் கண்ட உச்ச உலர் அடர்த்தியில் 95 சதவீதத்தைக் களத்தில் எட்டவேண்டும் என்பதே வழக்கமான நிபந்தனை.

உச்சம் கன சென்டிமீட்டருக்கு 1.90 கிராம் என்று வைத்துக்கொள்வோம். தேறவேண்டிய அளவு 1.805. கெட்டித்த அடுக்கில் சிறு குழி தோண்டி, எடுத்த மண்ணை நிறுத்து, குழியை அளவறிந்த மணலால் நிரப்பிக் கொள்ளளவைக் கணித்ததில், ஈர அடர்த்தி 2.00 என வருகிறது. மண்ணை 105 டிகிரியில் உலர்த்தியபோது ஈரம் 12 சதவீதம் எனத் தெரிந்தால், உலர் அடர்த்தி 1.786, அதாவது 94 சதவீதமே. அடுக்கைக் கிளறி, நீர் தெளித்து, மறுபடி உருட்டச் சொல்லவேண்டியதுதான்.

இங்கேதான் வளைகுடா மண்ணின் விசேஷம் குறுக்கிடுகிறது. அதில் பத்தில் ஒரு பங்கு ஜிப்சம் கலந்திருந்தால், அந்தச் சூட்டில் மண்ணின் ஈரத்தோடு ஜிப்சத்தின் படிகத்தில் கட்டுண்ட நீரும் வெளியேறி, ஏறத்தாழ 2 சதவீதம் பொய்யாகக் கூடிவிடுகிறது. 60 டிகிரியில் நிதானமாக உலர்த்தினால் ஈரம் 10 சதவீதமாகவும், உலர் அடர்த்தி 1.818 ஆகவும் வந்து, அதே அடுக்கு 95.7 சதவீதத்துடன் தேறும். ஆய்வக உச்சத்தையும் அதே சூட்டில்தான் கண்டிருக்கவேண்டும். இல்லையேல் ஒப்பீடே பொருந்தாது. கதிரியக்கக் கருவியை நாடுவதாலும் தப்பிக்க இயலாது. அது ஹைட்ரஜனையே எண்ணுவதால் படிக நீரையும் ஈரமாகவே கொள்ளும்.

ஆனால் இத்தனை ஜிப்சம் உள்ள மண்ணை அடர்த்தி தேறியதென்று ஏற்றுக்கொள்வதும் எனக்கு உசிதமாகப் படவில்லை. தோட்டத்துக்குப் பாய்ச்சும் நீரோ கசியும் குழாயோ நாளடைவில் ஜிப்சத்தைக் கரைத்துவிட்டால், அன்று அளந்த அடர்த்தி அங்கே நில்லாது, தளம் தாழ்ந்து சுவர் விரிசல் காணும். அதனால்தான் கரையும் உப்புக்கும் சல்பேட்டுக்கும் பத்திரத்தில் தனி வரம்பு விதிக்கப்படுகிறது. அப்பரிசோதனையை, மண் லாரியேறுமுன் தோண்டும் இடத்திலேயே செய்துவிடவேண்டும்.