வில்லங்கத்தில் வராத பாக்கி

திருத்துறைப்பூண்டிப் பக்கம் வயல் வாங்குகிறவர்களுக்குப் பத்திரம் பார்க்கச் சொல்லித்தர வேண்டியதில்லை. மூலப்பத்திரம், பட்டா, அடங்கல், முப்பது வருஷத்து வில்லங்கம் என்று வரிசையாகக் கேட்பார்கள். பிள்ளை வேலை பார்க்கும் சென்னையிலோ திருச்சியிலோ பழைய ஃபிளாட் வாங்கப் போகும்போதும் இதே பட்டியலோடுதான் போகிறார்கள். வில்லங்கம் சுத்தமாக வந்ததும் முன்பணம் கைமாறிவிடுகிறது. எனக்குப் பயமே அந்த இடத்தில்தான்.

வில்லங்கச் சான்றில் பதிவான பத்திரங்கள் மட்டுமே வரும். அசோசியேஷனுக்கு வீட்டுக்காரர் வைத்த பாக்கி வராது. மும்பையின் கூட்டுறவு வீட்டுவசதிச் சங்கங்களில் பங்குச் சான்றிதழை மாற்றித்தர வேண்டியிருப்பதால் பாக்கி அங்கேயே மாட்டிக்கொள்ளும். நம்மூர் அசோசியேஷன்கள் பெரும்பாலும் 1975ஆம் ஆண்டுச் சங்கங்கள் பதிவுச் சட்டத்தின் கீழ் பதிவானவை. அவற்றின் கடிதம் இல்லாமலே கிரயம் பதிவாகிவிடும். வீட்டுவசதி வாரியத் தவணை வீடு என்றால் கதை வேறு. விற்பவர் பெயருக்கு வாரியம் கிரயப் பத்திரம் கொடுத்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

கணக்குக்கு 900 சதுர அடி வீடு ஒன்றை எடுத்துக்கொள்வோம். சதுர அடிக்கு 3 ரூபாய் பராமரிப்பு என்றால் மாதம் 2,700. பதினான்கு மாதம் கட்டாவிட்டால் 37,800. பழைய லிஃப்டை மாற்ற வீட்டுக்கு 45,000 என்று பொதுக்குழுவில் முடிவாகி, இன்னும் வசூலிக்கவில்லை. விற்பவர் அவசரமாக 37,800ஐக் கட்டிவிட்டு, "பாக்கி இல்லை" என்று ஒற்றை வரிக் கடிதம் வாங்கித் தருகிறார். கடிதத்தில் பொய் இல்லை. ஆனால் குடிவந்த மாதமே, வீட்டை வாங்கியவர் கதவுக்கு 45,000 ரூபாய்க்கான நோட்டீஸ் வரும்.

அதனால் ஒற்றை வரிக் கடிதத்தை ஏற்காதீர்கள். வீட்டு எண், எந்தத் தேதி வரை கட்டியாகிவிட்டது, வட்டி உண்டா, முடிவாகி வசூலாகாத சிறப்பு வசூல் எவ்வளவு, கார்பஸ் நிதியில் இந்த வீட்டுப் பங்கு யாருக்கு என்பதெல்லாம் தனித்தனி வரியாக இருக்க வேண்டும். செயலாளரோடு பொருளாளரும் கையெழுத்திட வேண்டும். கூடவே அந்த வீட்டின் கணக்கு லெட்ஜர் நகலையும் கடைசிப் பொதுக்குழு நடவடிக்கைக் குறிப்பையும் கேளுங்கள். லிஃப்ட், மேல்தளக் கசிவு, பெயின்ட் செலவெல்லாம் குறிப்பில்தான் தெரியும்.

இவ்வளவு கேட்டால் விற்பவர் மனம் கோணும் என்று புரோக்கர்கள் சொல்கிறார்கள், கோணட்டும். பெயர் மாற்றத்துக்கென்று அசோசியேஷன் தொகை கேட்டால், துணைவிதியில் அதற்கு இடம் இருக்கிறதா என்று பார்த்து, ரசீது வாங்கிக்கொண்டு கொடுங்கள்.

கிரய ஒப்பந்தத்தில், பதிவு நாள் வரை முடிவான எல்லா வசூலும் விற்பவர் பொறுப்பு என்று எழுதிக்கொள்ளுங்கள். கடிதம் வாங்கிப் பல வாரம் கழித்துப் பதிவு நடந்தால், பதிவுக்கு முந்தைய வாரம் புதிதாக இன்னொரு கடிதம் வாங்குங்கள். சொத்துவரி, தண்ணீர் வரி, மின்கட்டண ரசீதுகளையும் அதே வாரம் சரிபார்த்துவிடலாம். லெட்ஜர் தர அசோசியேஷன் இழுத்தடித்தால், ஒரு தொகையைப் பிடித்துவைத்து, கணக்குத் தெளிந்த பிறகு தருவதாக அந்த ஒப்பந்தத்திலேயே சேர்த்துவிடுங்கள்.