ஐந்து எண் பொருந்தியும் 15 பவுண்ட்தான்

ஓரேழு ஏழு, ஈரேழு பதினாலு என்று பள்ளியில் படித்த வாய்ப்பாடு ஆயிரக்கணக்கானோரின் பரிசைக் கரைத்த கதை இது.

பிரிட்டனின் தேசிய லாட்டரியில் 2016 மார்ச் 23 அன்று குலுக்கல் நடந்தது. 59 எண்களில் ஆறைத் தேர்ந்தெடுக்க வேண்டும். வந்தவை 7, 14, 21, 35, 41, 42. ஐந்து எண் பொருந்தியவர்கள் 4,082 பேர். ஆளுக்குக் கிடைத்தது 15 பவுண்ட். வழக்கமாக அந்த இடத்தில் ஆயிரம் பவுண்ட் அளவில் கிடைக்கும். வேடிக்கை என்னவென்றால், வெறும் மூன்று எண் பொருந்தியவர்களுக்கு 25 பவுண்ட்!

அந்த லாட்டரியில் அப்போது இரண்டு கணக்குகள் ஓடின. மூன்று எண்ணுக்கு 25 பவுண்ட் என்பது நிலையான தொகை. எத்தனை பேர் வென்றாலும் மாறாது. பரிசுப் பணத்தில் முதலில் அதைத்தான் ஒதுக்குவார்கள். மீதியை மேல்படிகளுக்குப் பிரித்து, ஒவ்வொரு படியிலும் வென்றவர்கள் பங்குபோட்டுக்கொள்ள விடுவார்கள். ஐந்து எண் படிக்கு அன்று இருந்தது ஏறக்குறைய 61,000 பவுண்ட். 60 பேர் வென்றிருந்தால் ஆளுக்கு ஆயிரத்துச் சொச்சம். 4,082 பேர் என்றால் பதினைந்து. எண்கள் பொருந்தும் வாய்ப்பு வாரா வாரம் ஒன்றுதான். பானைச் சோற்றின் அளவும் பந்தியில் உட்கார்ந்த கூட்டமும்தான் மாறுகின்றன.

இவ்வளவு கூட்டம் எங்கிருந்து வந்தது? ஏழாம் வாய்ப்பாட்டை 42 வரை வரிசையாகக் குறித்தவர்களாகத்தான் பெரும்பாலோர் இருந்திருக்க வேண்டும். 28 மட்டும் வரவில்லை, அதன் இடத்தில் 41 வந்தது. 28 வந்திருந்தால் முதல் பரிசுக்கே அந்தப் பந்தி! பிறந்தநாள், வாய்ப்பாடு, சீட்டில் அழகான கோடு என்று மனிதர்கள் ஒரே மாதிரிதான் யோசிக்கிறார்கள். பலருக்கும் தோன்றும் எண்களை எடுத்தால் வெல்லும் வாய்ப்பு குறையாது, வென்றால் கிடைக்கும் பங்குதான் குறையும். கேரள லாட்டரிச் சீட்டைப் பார்த்தவர்களுக்கு இந்தத் தொல்லை புதிதாக இருக்கலாம். அங்கே எண் அச்சடித்தே வருவதால், முதல் பரிசு ஒரே சீட்டுக்குத்தான்.

2018 நவம்பரில் பிரிட்டன் ஐந்து எண்ணுக்கு 1,750 பவுண்ட் என்று நிலையான பரிசாக்கியது. வாங்குபவருக்கு நிம்மதிதான். ஆனால் கூட்டம் சேர்ந்தால் சுமை நடத்துபவர் தலையில் விழும். அமெரிக்காவின் பவர்பால் லாட்டரியில் 2005 மார்ச் 30 அன்று அதுதான் நடந்தது. நான்கைந்து பேர் வெல்லவேண்டிய இரண்டாம் பரிசை 110 பேர் வென்றார்கள். மோசடியோ என்று விசாரித்தால், சீன உணவகங்களில் தரும் பிஸ்கட்டுக்குள் இருந்த துண்டுச்சீட்டின் எண்களைப் பலரும் அப்படியே எழுதியிருக்கிறார்கள். 89 பேருக்குத் தலா 1,00,000 டாலர். கூடுதல் காசு கட்டிப் பெருக்கல் வசதி எடுத்திருந்த 21 பேருக்குத் தலா 5,00,000. மொத்தம் 1.94 கோடி டாலர், ஒரு டாலர் குறையாமல் கொடுக்கப்பட்டது. ஆனாலும், வென்றவர்கள் அளவுமீறினால் நிலையான பரிசையும் பங்குபோடலாம் என்ற விதி பவர்பாலில் உண்டு.