வீட்டுப்பாடமும் சாட்பாட்டும்: பெற்றோருக்கான சுற்றறிக்கை என்ன சொல்ல வேண்டும்?

சாட்பாட் பற்றிப் பெற்றோருக்குத் தலைமையாசிரியர் அனுப்பும் சுற்றறிக்கை, ‘நேர்மையாகப் பயன்படுத்தவும்’ என்ற ஒரு வரியோடு நின்றுவிட்டால் யாருக்கும் பயனில்லை. எதுவரை உதவி, எங்கிருந்து காப்பி என்பதை ஒரு வீட்டுப்பாடத்தை வைத்தே அது காட்ட வேண்டும்.

திருக்குறளின் ‘கல்வி’ அதிகாரத்திலிருந்து ஒரு குறளை எடுத்து ஒரு பக்கம் விளக்கம் எழுதிவரும்படி ஒன்பதாம் வகுப்புக்குச் சொல்லியிருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். கேள்வியை அப்படியே சாட்பாட்டில் போட்டு, வந்த பதிலை நோட்டில் பார்த்து எழுதினால் அது காப்பி. நாலு சொல்லை மாற்றிப் போட்டாலும் காப்பிதான். குறளைப் படித்துத் தனக்குப் புரிந்ததை முதலில் எழுதிவிட்டு, ‘இதில் எந்த இடம் தெளிவாக இல்லை? எழுதித் தர வேண்டாம், கேள்வி மட்டும் கேள்’ என்று கேட்பது உதவி. எழுதும் வேலை மாணவரிடமே இருக்கிறதா என்பதுதான் கோடு.

சரிபார்ப்பதும் மாணவரின் பொறுப்பு. அடுத்து எந்தச் சொல் வரக்கூடும் என்று கணித்தே சாட்பாட் எழுதுகிறது. அதனால் இல்லாத குறளைக்கூட எண்ணோடு சொல்லிவிடும். ஓர் அதிகாரத்துக்குப் பத்துக் குறள். ‘கல்வி’ 40ஆம் அதிகாரம். ஆகவே அதன் குறள்கள் 391 முதல் 400 வரை. ‘கல்வி அதிகாரம், குறள் 425’ என்று வந்தால் அங்கேயே தவறு தெரிந்துவிடும். எண் சரியாக இருந்தாலும் வரிகள் கற்பனையாக இருக்கலாம். முதலடியில் நான்கு சீர், இரண்டாம் அடியில் மூன்று சீர் இருக்கிறதா என்று எண்ணிப் பார்க்கலாம். கடைசியில் புத்தகத்தைத் திறந்துதான் ஆக வேண்டும்.

பயன்படுத்தியதை நோட்டிலேயே எழுதிவிட வேண்டும். ‘சாட்பாட்டிடம் இரண்டு கேள்வி கேட்டேன். இரண்டாம் பத்தியில் உள்ள உதாரணம் அது சொன்னது. குறளைப் புத்தகத்தில் சரிபார்த்தேன்’ என்று எழுதினால் போதும். இப்படி எழுதியதற்காக மதிப்பெண் குறையாது என்று சுற்றறிக்கை உறுதி தராவிட்டால் ஒரு பிள்ளையும் உண்மையை எழுதாது.

சந்தேகம் வந்தால் மென்பொருளை நம்பித் தண்டிப்பது ஆபத்து. சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓபன்ஏஐ நிறுவனமே, எழுதியது மனிதரா இயந்திரமா என்று கண்டறிய வெளியிட்ட கருவியை, துல்லியம் போதவில்லை என்று 2023 ஜூலையில் விலக்கிக்கொண்டது. எழுதியதை இரண்டு நிமிடம் வாயால் விளக்கச் சொல்வதே மேல். தானே எழுதிய பிள்ளை திக்கித் திணறியாவது சொல்லிவிடும்.

பெற்றோர் பங்கும் உண்டு. 13 வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்குச் சாட்ஜிபிடி அல்ல. 18 வயது வரை பெற்றோர் அனுமதி தேவை என்பது அந்நிறுவனத்தின் விதி. பிள்ளையின் புகைப்படம், போன் நம்பர், முகவரி எதையும் அதில் போடக் கூடாது.

எல்லா வீட்டிலும் பிள்ளைக்குத் தர ஒரு போன் இருப்பதில்லை. ஆகவே, சாட்பாட் இல்லாமலே செய்து முடிக்கக்கூடிய வீட்டுப்பாடம்தான் தரப்படும் என்ற வரியும் சுற்றறிக்கையில் இருக்க வேண்டும்.