பொங்கலுக்கு முன்னா, பின்னா?

"நாலு வேலை நாளில் வந்துவிடும்" என்று கூரியர்காரர் சொன்னதும் நாம் காலண்டரில் நாலு கட்டத்தை எண்ணிவிடுகிறோம். கடலூரிலிருந்து சிதம்பரம் போகும் சாலையில் இருக்கும் சிப்காட் தொழிற்பேட்டைக்கு, கோவையிலிருந்து ஒரு பம்ப் உதிரிபாகம் வர வேண்டியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். புக்கிங் செய்தது 2026 ஜனவரி 9, வெள்ளிக்கிழமை.

புக்கிங் நாளைக் கணக்கில் சேர்ப்பதில்லை, மறுநாள்தான் ஒன்று. கூரியர் நிறுவனத்துக்கு ஞாயிறு மட்டும் விடுமுறை என்றால் சனி 10 ஒன்று, திங்கள் 12 இரண்டு, செவ்வாய் 13 மூன்று, புதன் 14 நான்கு. பொங்கலுக்கு முதல் நாளே பார்சல் கைக்கு வந்துவிடும்.

அதே பார்சலை மாலை லாரி கிளம்பிய பிறகு கொடுத்திருந்தால்? அது சனிக்கிழமை புக்கிங் ஆகிவிடும். திங்கள் ஒன்று, செவ்வாய் இரண்டு, புதன் மூன்று. வியாழன் 15 பொங்கல், வெள்ளி 16 திருவள்ளுவர் தினம், சனி 17 உழவர் திருநாள், 18 ஞாயிறு. நாலாவது வேலை நாள் 19, திங்கள். ஒரு மணி நேரத் தாமதம் ஐந்து நாளை விழுங்கிவிட்டது! அதனால் புக்கிங் செய்யும்போது முதலில் கேட்க வேண்டியது, "இன்றைய லாரி எத்தனை மணிக்கு?" என்பதுதான்.

அடுத்த கேள்வி சனிக்கிழமை பற்றியது. எக்செல்லில் `WORKDAY` போட்டால் அது சனி, ஞாயிறு இரண்டையும் கழித்துவிடும். பொங்கல் விடுமுறைகளையும் சேர்த்துக் கொடுத்தால் முதல் கணக்குக்கே 14-க்குப் பதில் 19 என்று காட்டும். ஞாயிறு மட்டும் விடுமுறை என்றால் இப்படி எழுத வேண்டும்:

```
=WORKDAY.INTL(A1,4,11,H1:H3)
```

`A1`-இல் புக்கிங் தேதி, `H1:H3`-இல் மூன்று பொங்கல் விடுமுறைகள். `11` என்பது ஞாயிறு மட்டும் விடுமுறை என்பதற்கான எண். லாரி கிளம்பிய நேரம் எக்செல்லுக்குத் தெரியாது; தாமதமாகக் கொடுத்திருந்தால் `A1`-இல் அடுத்த வேலை நாளின் தேதியைப் போடுங்கள்.

உள்ளூர் விடுமுறையில்தான் பலர் தடுமாறுகிறார்கள். சிதம்பரம் ஆருத்ரா தரிசனத்துக்கு ஆட்சியர் உள்ளூர் விடுமுறை அறிவித்தால் பள்ளிகளும் அரசு அலுவலகங்களும் மூடியிருக்கும். ஆனால் அது செலாவணி முறிச் சட்டத்தின் கீழ் வரும் விடுமுறை அல்ல, வங்கிகள் இயங்கும். தொழிற்சாலைகளும் தானாக மூடிவிடாது. ஆகவே பார்சல் பள்ளிக்கு என்றால் அந்த நாளைக் கழியுங்கள். ஆலைக்கு என்றால் விசாரித்துவிட்டுக் கழியுங்கள்.

ஆலை இரவும் பகலும் ஓடினாலும் சரக்கை வாங்கும் ஸ்டோர்ஸ் அப்படி இருக்க வேண்டியதில்லை. ஸ்டோர்ஸ் பூட்டியிருந்தால் வண்டி கேட்டோடு திரும்பிவிடும். அப்படித் திரும்பினால் ஒரு வேலை நாளைக் கூடுதலாகக் கூட்டிக்கொள்ளுங்கள்.