காணாமல் போன இரண்டு மில்லிமீட்டர்

பத்தடி இருக்க வேண்டிய சமையலறை ஒன்பது அடி எட்டு அங்குலத்தில் எழும்பிக்கொண்டிருந்தது. இரண்டு வரி செங்கல் ஏறிய பிறகுதான் வீட்டுக்காரர் டேப் வைத்துப் பார்த்தார். மேஸ்திரியைக் கேட்டால், "பிளான்ல என்ன இருக்கோ அதைத்தான் சார் போட்டேன்" என்றார். அவர் சொன்னது உண்மை. அந்தச் சுவருக்கு நான் அளவு எழுதத் தவறியிருந்தேன். தாளின் மூலையில் 1:50 என்று போட்டிருந்ததை நம்பி, ஸ்கேல் வைத்து அளந்து ஐம்பதால் பெருக்கியிருக்கிறார் மனிதர். தாளில் 59 மில்லிமீட்டர் இருந்தது. 61 இருந்திருக்க வேண்டும்.

அந்த இரண்டு மில்லிமீட்டரைத் தேடிப் போனதில் தெரிந்துகொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். நான் பயன்படுத்துவது ஆட்டோகேட். மற்ற கேட் மென்பொருள்களில் பொத்தான்களின் பெயர் மாறும், கணக்கு மாறாது.

கேட்-இல் வரையும்போது எதையும் சுருக்குவதில்லை. பத்தடிச் சுவர் என்றால் பத்தடிக்கே கோடு இழுக்கிறோம். திரைக்குள் இடத்துக்குப் பஞ்சமில்லை. தாளில் இறக்கும்போதுதான் சுருக்க வேண்டியிருக்கிறது. சிக்கல் என்னவென்றால், சுருக்கும் வசதி மூன்று இடங்களில் இருக்கிறது: தாளில் வரைபடத்தைக் காட்டும் வியூபோர்ட் என்ற ஜன்னலில், பி.டி.எஃப் எடுக்கும் பிளாட் பெட்டியில், கடைசியாகப் பிரிண்ட் போடும் கடையில். சுருக்கம் இந்த மூன்றில் ஒரே இடத்தில்தான் நடக்க வேண்டும். மற்ற இரண்டும் வாயைத் திறக்கக் கூடாது.

முதலில் தாள். அந்த வீட்டின் மனை 30க்கு 40 அடி, அதாவது 9144க்கு 12192 மில்லிமீட்டர். 1:50இல் போட்டால் தாளில் ஏறத்தாழ 183க்கு 244 மில்லிமீட்டர் பிடிக்கும். ஏ3 தாள் 420க்கு 297. படுக்கைவாக்கில் வைத்து, சுற்றிலும் பத்து மில்லிமீட்டர் விட்டாலும் உயரத்தில் 277 மிச்சம். பிளான் வசதியாக உட்காரும், பக்கத்தில் பெயர்க்கட்டத்துக்கும் இடம் உண்டு. இந்தக் கணக்கை முதலிலேயே போட்டுவிட்டால், கடைசியில் படத்தைத் தாளுக்குள் திணிக்கும் ஆசை வராது.

பிறகு `Layout` தாவலுக்குப் போய், பிரிண்டராக `DWG To PDF.pc3`, தாளாக `ISO full bleed A3 (420.00 x 297.00 MM)` என்று தேர்ந்தெடுக்கிறேன். பெயரில் `full bleed` இல்லாத ஏ3யும் பட்டியலில் உண்டு. அதில் ஓரம் கழித்துக்கொள்வார்கள். உங்கள் பார்டர் அந்த ஓரத்தில் விழுந்தால் ஒரு பக்கக் கோடு காணாமல் போகும். முழுத்தாளை எடுத்து, பார்டரை நானே பத்து மில்லிமீட்டர் உள்ளே தள்ளிப் போட்டுக்கொள்வது எனக்குப் பழக்கம்.

தாளில் வியூபோர்ட் போட்டு, அதற்கு 1:50 கொடுக்க வேண்டும். சுருக்கம் நடக்கும் இடம் இதுதான். நம்மூரில் பலர் இங்கேதான் திகைத்து நிற்பார்கள். நாம் வரைவது அடி அங்குலத்தில். மென்பொருளுக்கு ஒரு யூனிட் என்பது ஓர் அங்குலம். தாளோ மில்லிமீட்டரில். பட்டியலில் இருக்கும் 1:50ஐ அப்படியே தட்டினால், 480 அங்குல மனை தாளில் 9.6 மில்லிமீட்டராகி, சுண்டுவிரல் நகத்தளவில் நடுவே கிடக்கும். ஓர் அங்குலத்தில் 25.4 மில்லிமீட்டர் இருக்கிறது, அவ்வளவுதான் விஷயம். 25.4ஐ ஐம்பதால் வகுத்தால் 0.508. வியூபோர்ட்டுக்குள் நின்றுகொண்டு இதைத் தட்டினால் சரியாக வந்து அமரும்:

```
ZOOM
0.508xp
```

அமர்ந்ததும் வியூபோர்ட்டைப் பூட்டிவிடுங்கள்; பண்புகளில் `Display locked` என்று இருக்கும். பூட்டாமல் விட்டால், உள்ளே இருக்கும்போது மவுஸ் சக்கரத்தை ஒரு சுற்று உருட்டினாலே 1:50 கலைந்துவிடும். திரையில் பார்த்தால் வித்தியாசமும் தெரியாது.

பிளாட் பெட்டியில் எதை எடுப்பது என்ற இடத்தில் `Layout`, ஸ்கேல் 1:1. அவசரத்தில் இருப்பவர்கள் லேஅவுட் பக்கமே போகாமல், வரைந்த இடத்திலேயே ஒரு கட்டம் இழுத்து `Fit to paper` போட்டு எடுத்துவிடுவார்கள். படம் அழகாகத் தாளை நிறைக்கும். ஆனால் அது 1:47ஆக இருக்கலாம், 1:53ஆகவும் இருக்கலாம். மூலையில் மட்டும் 1:50 என்று எழுதியிருக்கும்.

அடுத்தது கோட்டின் தடிமன். வெட்டுப்பட்ட சுவர் கனமாகவும், கதவு ஜன்னல் நடுத்தரமாகவும், தரை டைல்ஸ் மெலிதாகவும் தெரிந்தால்தான் பிளான் படிக்க வரும். நான் சுவருக்கு 0.5, கதவு ஜன்னலுக்கு 0.25, அளவுக்கோடுகளுக்கு 0.18, டைல்ஸுக்கு 0.13 மில்லிமீட்டர் கொடுப்பேன். கறுப்பு வெள்ளைக்குப் பெரும்பாலானோர் எடுப்பது `monochrome.ctb` என்ற பாணிக்கோப்பு. அது எல்லா நிறத்தையும் கறுப்பாக்கும். தடிமனைத் தானாகத் தராது. ஒவ்வொரு லேயருக்கும் நீங்கள் கொடுத்ததைத்தான் எடுத்துக்கொள்ளும். லேயர்களை `Default` என்றே விட்டிருந்தால் எல்லாக் கோடும் 0.25இல் வந்து, சுவர் எது, சோபா எது என்று தெரியாத கஞ்சியாகிவிடும். இதற்கு நேர்மாறான ஏமாற்றமும் உண்டு. அக்ரோபேட்டில் `Enhance thin lines` என்ற வசதி மெல்லிய கோடுகளைத் திரையில் தடிமனாக்கிக் காட்டும். கோப்பு சரியாக இருந்தும் கெட்டுப்போனது போலத் தோன்றும். 400 சதவீதத்துக்குப் பெரிதாக்கிப் பார்த்த பிறகே குறை சொல்ல வேண்டும்.

0.18, 0.25, 0.35, 0.5 என்று தடிமன்கள் போகும் வரிசையில் ஒரு நயம் இருக்கிறது. ஒவ்வொன்றும் முந்தையதைப்போல் ஏறத்தாழ 1.4 மடங்கு. ஏ4, ஏ3, ஏ2 தாள்களின் பக்கங்களும் அதே மடங்கில்தான் வளர்கின்றன. ஏ3 படத்தை ஏ2வுக்குப் பெரிதாக்கினால் 0.25 கோடு 0.35 ஆகும், பேனா வரிசை கலையாது. ஆனால் 1:50 அங்கே ஏறத்தாழ 1:35 ஆகிவிடும், அதை யாரும் திருத்தி எழுதுவதில்லை.

சரி, என் இரண்டு மில்லிமீட்டர்? கோப்பின் பண்புகளைத் திறந்தேன்; பக்க அளவு 420க்கு 297 என்றே இருந்தது. வியூபோர்ட்டும் சரி. பிரிண்ட் கடையில்தான் `Fit` என்பது தேர்வாகி இருந்தது. பிரிண்டரால் தாளின் விளிம்புவரை அச்சடிக்க முடியாது என்பதால், அது முழுப் பக்கத்தையும் ஏறத்தாழ 97 சதவீதமாகச் சுருக்கி உள்ளே இழுத்துக்கொண்டது. `Actual size` போட்டிருந்தால் வெறும் வெள்ளை ஓரம் மட்டும் வெட்டுப்பட்டிருக்கும்.

கடைக்காரரிடம் சொல்லி அனுப்பினாலும் அடுத்த முறை வேறொரு பையன் உட்கார்ந்திருப்பான். அதனால் இப்போது ஒவ்வொரு தாளின் அடியிலும் பத்தடிக்கு ஒரு பட்டை வரைந்து, "இது 61 மி.மீ. இருக்க வேண்டும்" என்று எழுதிவிடுகிறேன். தாள் சுருங்கினால் பட்டையும் கூடவே சுருங்கும். அந்தச் சுவரைப் பிரித்துக் கட்டிய கூலி என் கணக்கில்தான் போனது. மேஸ்திரி இப்போது பிளானை வாங்கியதும் முதலில் அந்தப் பட்டையில்தான் ஸ்கேலை வைக்கிறார்.