மாம்பழப் பட்டுக்கு எந்தக் கரை?

ஜவுளிக் கடையில் புடவையை விரித்துப் போட்டதுமே பேச்சு கரைக்கும் ப்ளவுஸுக்கும் போய்விடும். கடைக்காரர் அனுபவத்தில் ஒரு நிறத்தைச் சொல்லிவிடுவார். அந்த அனுபவத்துக்குள் ஒரு கணக்கு இருக்கிறது. வண்ணச் சக்கரம் தெரிந்தால் நாமே அதைப் போட்டுப் பார்க்கலாம்.

சுவர்க் கடிகாரத்தை நினைத்துக்கொள்ளுங்கள். 12 இருக்கும் இடத்தில் மஞ்சள், 4-இல் நீலம், 8-இல் சிவப்பு. மஞ்சளும் நீலமும் கலந்த பச்சை இரண்டுக்கும் நடுவே 2-இல் உட்காரும். அதேபோல் ஊதா 6-இல், ஆரஞ்சு 10-இல். ஒற்றைப்படை எண்களில் அக்கம்பக்கத்து நிறங்களின் கலவை. கறுப்பும் வெள்ளையும் சக்கரத்தில் கிடையாது. அவற்றைக் கலந்தால் நிறம் அடர்த்தியாகும் அல்லது வெளிறும், இடம் மாறாது. அரக்கும் சரி, இளஞ்சிவப்பும் சரி, 8-ஐச் சேர்ந்தவைதான்.

இப்போது மாம்பழ நிறப் பட்டு ஒன்றை எடுத்துக்கொள்வோம். மஞ்சளில் கொஞ்சம் ஆரஞ்சு ஏறிய நிறம், ஆகவே 11. அதற்கு நேர் எதிரே 5: நீலமும் ஊதாவும் கலந்த சங்குப்பூ நிறம். இப்படி எதிரெதிரே இருப்பவை எதிர் நிறங்கள். பக்கத்தில் வைத்தால் இரண்டுமே இன்னும் பளிச்சென்று தெரியும்.

காரணம் கண்ணில் இருக்கிறது. சிவப்பையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தால் சிவப்பை உணரும் பகுதி களைத்துவிடும். உடனே வெள்ளைச் சுவரைப் பார்த்தால் நீலம் கலந்த பச்சையாக ஒரு திட்டு மிதக்கும். அறுவை சிகிச்சை அறையில் பச்சை உடை உடுத்துவதற்குச் சொல்லப்படும் காரணங்களில் இதுவும் ஒன்று: ரத்தத்தையே பார்த்துக்கொண்டிருந்த கண் நிமிரும்போது அந்தத் திட்டு பச்சைத் துணியில் தொந்தரவு செய்யாது.

பாரிஸில் கோப்லான் நெசவாலையின் சாயப் பிரிவுக்குப் பொறுப்பாக இருந்த வேதியியலாளர் செவ்ரெல் இதை வேறு வழியாகப் பிடித்தார். நீலத் துணிகளுக்கு நிழலாக நெய்த கறுப்பு மங்கலாகத் தெரிகிறது என்று புகார் வந்தது. சாயத்தில் கோளாறு இல்லை. பக்கத்து நீலம்தான் கறுப்பின் தோற்றத்தைக் கெடுத்தது. ஒரு நிறம் எப்படித் தெரியும் என்பதை அதன் அண்டை நிறமும் தீர்மானிக்கிறது என்று 1839-இல் புத்தகமாகவே எழுதினார்.

ஆனால் எதிர் நிறங்கள் தனித்தனிப் பரப்பாக இருக்கும்வரைதான் இந்த ஜோர். பாவு சிவப்பு, ஊடை பச்சை என்று இழையிழையாகப் பின்னினால் சற்றுத் தள்ளி நின்று பார்க்கும் கண் இரண்டையும் கலந்துவிடும். பழுப்புச் சாயல் தட்டும். உடல் இழை கரைக்குள்ளும் ஓடும் புடவைகளில் கரை நிறம் அழுக்கேறியதுபோல் தெரிவது இதனால்தான். காஞ்சிபுரம் கோர்வையில் உடலுக்கும் கரைக்கும் தனித்தனி நாடா ஓடும். அதனால் அரக்கு உடலுக்குப் பச்சைக் கரை போட்டாலும் இரண்டும் கலங்காமல் நிற்கின்றன.

அடுத்தடுத்த நிறங்களுக்கு இந்தச் சிக்கல் இல்லை. மயில் கழுத்து நிறம் நீல இழையும் பச்சை இழையும் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னியது. சக்கரத்தில் இரண்டும் நெருக்கமானவை என்பதால் கலந்தாலும் நடுவிலுள்ள நீலப்பச்சையாகத்தான் ஆகும், அழுக்காகாது. மடிப்பு அசையும்போது ஒருமுறை நீலம், ஒருமுறை பச்சை. நம் மாம்பழப் பட்டுக்கு இந்த வழியில் மஞ்சளோ ஆரஞ்சோ கரையாக வரலாம். தங்கச் சரிகையும் அதே பக்கத்து ஆள்தான். எல்லாம் ஒன்றோடொன்று இழைந்துபோய், தூரத்திலிருந்து கரை எங்கே ஆரம்பிக்கிறது என்றே தெரியாமல் போகலாம். அப்போது கரையை மட்டும் நன்றாக அடர்த்தியாக்கினால் போதும்.

மூன்றாவது வழி முக்கோணம்: நான்கு நான்கு மணி தள்ளி மூன்று நிறங்கள். மார்கழியில் கட்டும் கதம்பத்தைப் பாருங்கள். ஆரஞ்சுக் கனகாம்பரம், ஊதா டிசம்பர் பூ, பச்சை மரிக்கொழுந்து என்று 10, 6, 2 அப்படியே சரத்தில் இருக்கும். நடுநடுவே வரும் வெள்ளை மல்லிகை மூன்றையும் முட்டிக்கொள்ளாமல் பிரித்து வைக்கிறது.

11-க்கு முக்கோணம் போட்டால் 3, 7. மூன்று நீலப்பச்சை, கடையில் ராமர் பச்சை என்று கேட்டால் கிட்டத்தட்ட அது கிடைக்கும். ஏழு வாடாமல்லி. மூன்றையும் சம அளவில் வைத்தால் கண் எங்கே நிற்பது என்று தெரியாமல் அலையும். மாம்பழம் உடல் முழுக்க, பச்சை கரையில், வாடாமல்லி ப்ளவுஸில் மட்டும் என்று வைப்பதே என் தேர்வு. முந்தானைக்கும் வாடாமல்லி வேண்டும் என்பவர்கள் ப்ளவுஸைப் பச்சைக்கு மாற்றிக்கொள்ளட்டும்.